எந்த ஞாயிறு?

சென்னையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கச் செயலாளர் செப்டம்பர் கடைசியில் குடியிருப்போர் எல்லோருக்கும் ஒரு தகவல் அனுப்ப நினைக்கிறார். அனுப்புவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார்" என்று நீட்டுகிறார். வரைவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"அன்பார்ந்த குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். தண்ணீர் மனித வாழ்வின் ஆதாரம் என்பதை நாம் அறிவோம். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை நெருங்கி வருவதால் நமது தொட்டிகள் சுத்தம் செய்யப்பட வேண்டிய நிலையில் உள்ளன. சிலர் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளையும் பழைய சாமான்களையும் போட்டு வைத்திருப்பது வருத்தத்திற்குரியது. எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. வரும் ஞாயிறு பணி நடைபெறும் என்பதால் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. பராமரிப்புக் கட்டண பாக்கியையும் விரைவில் செலுத்தவும். நீரைச் சேமிப்போம், வருங்காலத்தைக் காப்போம்!"

தமிழ் தெரிந்தவர் எவரும் இதில் பிழை கண்டுபிடித்துவிட முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் பூந்தொட்டிகள் அப்படியேதான் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார்? பெரும்பாலும் "நல்லா இருக்கு சார்" என்பார். இல்லையென்றால் 'நல்குமாறு' வேண்டாமே என்று ஒரு சொல்லைத் திருத்துவார். இரண்டாலும் பயனில்லை. இந்த மாதிரி நேரத்தில் கையில் ஐந்து கேள்விகள் இருந்தால் நல்லது. சொல்ல வந்தது ஒன்றா? கடைசி வரி வேலை செய்கிறதா? நீளம் சரியா? புரிகிறதா? தொனி எப்படி? பலரும் புரிகிறதா என்பதில் தொடங்கி வரிவரியாகத் திருத்துகிறார்கள். பிறகு நீக்கிவிடப்போகும் வரியைச் செதுக்கிக்கொண்டிருப்பது வீண். அதனால் சொல்ல வந்தது ஒன்றா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வரைவை ஒரே ஒருமுறை படிக்கக் கொடுத்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு, "இப்போ நீங்க என்ன செய்யணும்?" என்று கேட்க வேண்டும். 'இது எதைப் பற்றி' என்று கேட்டால் 'தண்ணீர்' என்று பதில் வரும், எழுதியவருக்கும் திருப்தியாகிவிடும். 'என்ன செய்யணும்' என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். மேலே உள்ள வரைவைப் படித்தவர்களில் ஒருவர் பாக்கியைக் கட்டச் சொல்கிறார்கள் என்பார். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலை நடக்கிறது, நமக்கு ஒன்றுமில்லை என்பார். மூன்றாமவர் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்கிறார்கள் என்பார். மூன்று பேரும் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

வரைவில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: தண்ணீரின் அருமை, சுத்தம் செய்யும் வேலை, மாடியில் கிடக்கும் சாமான், கட்டண பாக்கி. பாக்கி இங்கே வேண்டாம், அது தனித் தகவலாகப் போகட்டும். தண்ணீரின் அருமையைச் சென்னைக்காரருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் இரண்டு. அவை தனித்தனி விஷயங்களாகத் தெரிகின்றன, ஆனால் உண்மையில் ஒன்றுதான். மாடியில் பெய்யும் மழை குழாய் வழியே கீழே இறங்கி, கூழாங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கிய ஒரு குழியில் வடிந்து கிணற்றுக்குப் போகிறது. பூந்தொட்டி மண்ணும் சருகும் அந்த நீரோடு இறங்கினால், மேலடுக்கு மணலில் வண்டல் படிந்து ஏடு போல மூடிக்கொள்ளும். பிறகு நீர் உள்ளே இறங்காமல் குழி நிரம்பித் தெருவில் ஓடும். ஆக, மாடியில் சாமான் கிடப்பதுதான் குழி கெட்டுப்போவதற்குக் காரணங்களில் ஒன்று. இந்தத் தொடர்பு எழுதியவர் மனத்தில் இருந்தது, எழுத்தில் வரவில்லை. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், சொல்ல வேண்டியது ஒன்றாகச் சுருங்கிவிடும்: வேலை தொடங்கும் முன் உங்கள் சாமானை மாடியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து நேராகக் கடைசி வரிக்குப் போய்விடலாம். 'நீரைச் சேமிப்போம், வருங்காலத்தைக் காப்போம்!' இதில் 'நீரை' என்பதை எடுத்துவிட்டு 'மரத்தை' என்று போட்டால் மரம் நடும் விழா அழைப்பிதழுக்கும் இதே வரி பொருந்தும். 'ரத்தம் கொடுப்போம்' என்று மாற்றினால் ரத்ததான முகாமுக்கும் ஆகும். வேறு இடத்துக்கு இவ்வளவு சுலபமாகப் பெயர்ந்து போகிற வரி இந்தத் தகவலுக்குச் சொந்தமானது இல்லை. படிப்பவர் போனைக் கீழே வைக்கும்போது கண்ணில் கடைசியாகப் படுவது அந்த வரிதான். அந்த இடத்தில் அவருக்கு எழக்கூடிய தடை எதுவோ அதற்கு விடை இருந்தால் போதும். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு, 'அவ்வளவு பெரிய தொட்டியை நான் எப்படி இறக்குவேன்' என்பதுதான் தடை. ஆள் வேண்டுமென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதலாம். கோஷம் ஒழிந்த இடத்தில் உதவி ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுருக்கமாக எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எத்தனை சொல் என்று கேட்டால் விழிப்பார்கள். சொற்களை எண்ணுவதைவிட, முக்கியமான செய்தி எத்தனையாவது வரியில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. நம் வரைவில் நாள் ஏழாவது வாக்கியத்தில் வருகிறது. வாட்ஸ்அப் நீண்ட தகவலை ஓரளவுக்கு மேல் மடித்துவைத்துவிடும். விரித்துப் படிக்காதவர்களுக்கு மடிப்புக்கு மேலே இருப்பது மட்டும்தான் தகவல். குறுஞ்செய்தியாக அனுப்புவதென்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் இயந்திரம் புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியாக எண்ணும். 'நீங்கள்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, அதன் கணக்கில் ஏழு.

புரிகிறதா என்று பார்க்கும்போது எழுதியவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. அவருக்கு எல்லாம் தெரியும், சொல்லிவிடுவார். படிப்பவராக எங்கே நின்றோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வரைவில் மூன்று இடங்களில் நிற்க வேண்டியிருக்கிறது. 'வரும் ஞாயிறு' என்றால் எந்த ஞாயிறு? வியாழனன்று எழுதியதைத் திங்களன்று படிப்பவருக்கு அது வேறு ஞாயிறு. தேதி இல்லாத தகவல் கைமாறக் கைமாறப் பொய்யாகிக்கொண்டே போகும். இரண்டாவது, 'தொட்டிகள்'. மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கீழே சம்ப் இருக்கிறது, பூந்தொட்டியும் இருக்கிறது. குடிநீர்த் தொட்டியைக் கழுவப்போகிறார்கள் என்று நினைத்து ஒருவர் சனிக்கிழமை ராத்திரியே குடம் குடமாகப் பிடித்து வைக்கக்கூடும். மழைநீர் இறங்கும் இடத்தை 'வடிகட்டிக் குழி' என்று ஒரே பெயரால் கடைசிவரை சொன்னால் இந்தக் குழப்பம் வராது. மூன்றாவது, 'ஒத்துழைப்பு'. அது சாமானை எடுப்பதா, காசு கொடுப்பதா, வந்து நிற்பதா?

தொனியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கோபமான வரிகளில் பாதி, அதற்குள் தானாகவே விழுந்திருக்கும். 'எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை' என்ற வரி எங்கே நிற்கிறது பாருங்கள். ஏன் எடுக்க வேண்டும் என்ற காரணம் வர வேண்டிய இடம் அது. காரணம் சொல்லாமல் கேட்டதால் யாரும் எடுக்கவில்லை. எடுக்காததால் கோபம் வந்தது. அந்தக் கோபம் காரணத்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு முன்னால் வரும் 'சிலர்' இன்னும் மோசம். எடுத்துவைத்தவர் 'நம்மைத்தான் சொல்கிறார்களோ' என்று புண்படுவார், எடுக்காதவர் 'வேறு யாரையோ சொல்கிறார்கள்' என்று நிம்மதியாக இருப்பார். அதோடு, இந்தச் சிறிய வரைவில் நான்கு குரல்கள் கேட்கின்றன. மேடைப் பேச்சில் தொடங்கி, திட்டாக மாறி, அரசாணையாக விறைத்து, சுவரொட்டியாக முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரரை லிஃப்டில் பார்த்தால் 'ஒத்துழைப்பு நல்குங்கள்' என்று யாராவது சொல்வார்களா? வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். 'அகற்றவும்' என்பது அறிவிப்புப் பலகைக்குச் சரி, ஒரே கட்டடத்தில் இருப்பவர்களுக்கு 'எடுத்துவிடுங்கள்' போதும்.

இவ்வளவையும் செயலாளரிடம் எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. வரைவை வாங்கி முழுவதையும் தன் நடையில் எழுதிக் கொடுத்துவிடுபவர் உதவி செய்வதாக நினைத்துக்கொள்கிறார். அது அவருடைய தகவல் ஆகிவிடும். தீர்ப்பு சொல்வதைவிடப் படித்த அனுபவத்தைச் சொல்வது மேல். "ஏழாவது வரி சரியில்லை" என்றால் அவர் வாதாடுவார். "எனக்கு எந்த ஞாயிறுன்னு தெரியலையே சார்" என்றால் வாதாட இடமில்லை, தேதியைப் போட்டுவிடுவார். கேள்வியை மட்டும் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, எழுதும் வேலையை அவரிடமே விட்டால் இப்படி ஒன்று வரலாம்:

"மொட்டை மாடியில் உங்கள் பூந்தொட்டி, பழைய சாமான் எது இருந்தாலும் அக்டோபர் 4, சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் எடுத்துவிடுங்கள். மறுநாள் ஞாயிறு காலை 8 மணிக்கு மாடியையும் மழைநீர்க் குழாய்களையும் வடிகட்டிக் குழியையும் சுத்தம் செய்ய ஆட்கள் வருகிறார்கள். மாடியில் சேரும் மண்ணும் சருகும் குழாய் வழியே இறங்கிக் குழியை அடைத்துவிடுகின்றன. போன மழைக்குத் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் தெருவில் ஓடியது அதனால்தான். குழி சரியாக இருந்தால் 5 செ.மீ. மழை பெய்யும் ஒரு நாளில் நம் மாடியிலிருந்து ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர் கிணற்றில் சேரும். கனமான தொட்டியை இறக்க ஆள் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் வாட்ச்மேனிடம் பெயர் கொடுங்கள்."

இது பழையதைவிடக் கொஞ்சமும் சுருங்கிவிடவில்லை. ஆனால் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஏதோ ஒன்று குறையும். 2019ஐ நினைவூட்டிய இடத்தில் இப்போது ஒரு லாரித் தண்ணீர் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாடி 200 சதுர மீட்டர் என்றால் 5 செ.மீ. மழைக்குப் பத்தாயிரம் லிட்டர். சிதறியதும் ஆவியானதும் போக ஒரு லாரிக்குக் கொஞ்சம் குறையலாம்.

இந்த ஐந்து கேள்விகளும் எல்லா எழுத்துக்கும் பொருந்தாது. அதே குடியிருப்பில் ஒருவர் காலமாகி, செயலாளர் இரங்கல் எழுதினால், 'படிப்பவர் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்பது அசட்டுத்தனம். அங்கே தொனிதான் முதல் கேள்வி. எடுக்கும் நேரமும் இடமும் தவிர மற்றவை பின்னால் நிற்கலாம். இன்னொரு குறையும் உண்டு. சொன்னது உண்மையா என்று இந்தப் பட்டியல் கேட்பதே இல்லை. ஆட்கள் ஞாயிறு காலை வருகிறார்களா, போன மழைக்குத் தண்ணீர் தெருவில் ஓடியதற்கு அடைப்புதான் காரணமா, வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் வேலையில் இருப்பாரா என்பதெல்லாம் வரைவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவை. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் செயலாளர் இரண்டு பேருக்குப் போன் செய்தாக வேண்டும்.