காலை ஆறு மணிக்கு ஏன் கழுவுகிறார்கள்?

லிஃப்ட் பக்கத்தில் சங்கத்தின் நோட்டீஸ்: “சனிக்கிழமை காலை 6 முதல் 8 வரை சோலார் பேனல் கழுவப்படும். ஞாயிறு பரிசோதனை. இரண்டு நாளும் மாடியில் துணி காயப்போட வேண்டாம்.”

விடுமுறை நாளில் இவ்வளவு சீக்கிரமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் சென்னை மதிய வெயிலில் பேனல் கண்ணாடி கைவைக்க முடியாதபடி கொதிக்கும். அதில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். தண்ணீரும் துடைப்பதற்குள் காய்ந்து கறை போடும். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளைப் படலமே படியும். அதைவிடத் தூசியே மேல். கடைசியாக நல்ல தண்ணீரில் அலசி, ரப்பர் வைப்பரால் வழித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் தேட வேண்டியது காய்ந்த புறா எச்சம். ஒரு செல்லை அது மூடினால், மற்ற செல்கள் தரும் மின்சாரம் அங்கே வெப்பமாக மாறும். நாளடைவில் அந்த இடம் பழுப்பேறும். அந்தக் கறை கழுவினாலும் போகாது. வயர் இணைப்புகளை எலக்ட்ரீஷியன்தான் தொடவேண்டும்: இன்வெர்ட்டரை அணைத்தாலும், வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கும்.

கழுவியதில் பலன் உண்டா என்றறிய, முன்னும் பின்னுமாக மேகமில்லாத இரு நாட்களின் யூனிட் கணக்கை இன்வெர்ட்டர் திரையில் ஒப்பிட்டால் போதும்.