ஒருவரைக் காக்கும் இரைச்சல்

டிஃபரன்ஷியல் பிரைவசி என்பது புள்ளிவிவரம் வெளியிடுவோர் தரக்கூடிய ஒரு கணித உறுதி. ஒரு தரவுத்தொகுப்பில் குறிப்பிட்ட ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியாகும் எண் ஏறக்குறைய அதே வாய்ப்போடு வரும் என்பதே அந்த உறுதி. இதை நிறைவேற்ற, உண்மையான எண்ணோடு அளந்து எடுத்த சிறு தற்செயல் பிழை ஒன்று சேர்க்கப்படுகிறது. அந்தப் பிழைக்குத் துறையில் வழங்கும் பெயர் இரைச்சல். எவ்வளவு இரைச்சல் தேவை என்பதை முதன்முதலில் துல்லியமாக வகுத்தவர்கள் சிந்தியா டுவோர்க், ஃபிராங்க் மெக்‌ஷெர்ரி, கோபி நிஸ்ஸிம், ஆடம் ஸ்மித் ஆகிய நால்வர். அவர்களுடைய கட்டுரை 2006இல் வெளிவந்தது.

பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு மொத்தங்களையும் சராசரிகளையும் மட்டும் வெளியிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். போதாது என்பதைக் கையால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு சிறு தெருவில் 3 பேர் வசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய சராசரி வயது 44. வயது வரிசையில் நடுவில் இருப்பவருக்கு 30. பெண்கள் 2 பேர், அவர்களின் சராசரி வயது 51. வேலைக்குப் போகிறவர்கள் 2 பேர், அவர்களின் சராசரி 26. யாரையும் தனியாகச் சுட்டும் தகவல் இவற்றில் இல்லை என்றுதான் தோன்றும்.

மூவரின் வயதுக் கூட்டுத்தொகை 132. பெண்கள் இருவரின் கூட்டுத்தொகை 102. ஆகவே ஆணின் வயது 30, வயது வரிசையில் நடுவில் இருப்பவர் அவரே. வேலைக்குப் போகும் இருவரின் கூட்டுத்தொகை 52. 102 வயது சேரும் இரு பெண்களும் அந்த இருவராக இருக்க முடியாது. எனவே ஒருவர் அந்த ஆண், மற்றவர் 22 வயதுப் பெண். மீதமிருப்பவர் வேலைக்குப் போகாத 80 வயதுப் பெண். ஒரு சில எண்களிலிருந்து மூவரின் வயது, பாலினம், வேலை நிலை அத்தனையும் வெளியே வந்துவிட்டன. இதற்கு வேறு விடையும் கிடையாது.

இதே வேலையை ஒரு நாட்டின் அளவில் செய்து பார்த்தது அமெரிக்க சென்சஸ் பீரோ. 2010 கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 30.9 கோடிப் பேர். அவர்களைப் பற்றி வெளியான புள்ளிவிவரங்களோ 15,000 கோடிக்கும் மேல். எண்ணப்பட்ட ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கான சமன்பாடுகள் கிடைத்துவிடுகின்றன என்று இதற்குப் பொருள். பீரோவின் சொந்த ஆய்வாளர்கள் வெளியான அட்டவணைகளில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, தனிநபர் பதிவுகளைக் கணினி வழியே மீட்டெடுக்க முயன்றார்கள். வசிப்பிடம், பாலினம், வயது, இனம் என எல்லாம் சரியாகப் பொருந்திய பதிவுகள் 46 விழுக்காடு. வணிக நிறுவனங்களிடம் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களோடு அவற்றை இணைத்தபோது, சுமார் 5.2 கோடிப் பேரின் அடையாளம் உறுதியானது. அண்டை வட்டாரங்களில் உள்ள சில குடும்பங்களின் பதிவுகளை இடம்மாற்றி வைக்கும் பழைய பாதுகாப்பு முறை 2010இல் நடைமுறையில் இருந்தும் இந்த நிலை. இந்தச் சோதனையின் வலு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. தற்செயலாக ஊகித்தாலே பெரும்பகுதி பொருந்திவிடும் என்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ரக்கிள்ஸ் போன்றோர் எதிர்வாதம் வைத்தார்கள். ஆயினும் 2020 கணக்கெடுப்புக்கு டிஃபரன்ஷியல் பிரைவசியையே பீரோ தேர்ந்தெடுத்தது.

இரைச்சல் எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதற்கு ஒரு நாணயம் போதும். ஓர் ஊரில் காசநோய் சிகிச்சை பெறுவோர் 12 பேர் என்று கொள்வோம். அந்த எண்ணை வெளியிடுபவர், பூ விழும்வரை நாணயத்தைச் சுண்டுகிறார். அதற்கு முன் எத்தனை முறை தலை விழுந்தது என்று குறித்துக்கொள்கிறார். இன்னொரு முறையும் அவ்வாறே செய்கிறார். முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்தால் வருவதே இரைச்சல். அது 0 ஆவதற்கான வாய்ப்பு 3இல் 1. கூட்டல் 1 வருவதற்கு 6இல் 1, கழித்தல் 1 வருவதற்கும் அதே அளவு. கூட்டல் 2, கழித்தல் 2 ஆகியவற்றுக்குத் தலா 12இல் 1. ஒவ்வொரு படி விலகும்போதும் வாய்ப்பு சரிபாதியாகக் குறைகிறது. நூற்றுக்கு 96 முறை பிழை 4க்குள் அடங்கிவிடும்.

இப்போது அந்த ஊருக்குப் புதிதாக ஒருவர் குடிவருகிறார். அவருக்குக் காசநோய் உண்டா என்று அறியத் துடிக்கும் ஒருவருக்கு மற்ற 12 பேரையும் முன்பே தெரியும் என்றும் வைத்துக்கொள்வோம். அவர் அறிய வேண்டியது உண்மையான எண்ணிக்கை 12ஆ, 13ஆ என்பது மட்டுமே. வெளியான எண் 14 என்றால், உண்மை 12ஆக இருக்கும்போது அது வருவதற்கான வாய்ப்பு 12இல் 1. உண்மை 13ஆக இருந்தால் 6இல் 1. இரண்டுக்கும் இடையே சரியாக 2 மடங்கு. வெளியான எண் 11 என்றால் அதே 2 மடங்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. 20 வந்தாலும் 3 வந்தாலும் விகிதம் இரண்டைத் தாண்டாது. ஒன்றுக்கொன்று பாதியாக இறங்கும் வாய்ப்புகளைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இதுதான். தொடக்கத்தில் அவருடைய சந்தேகம் பாதிக்குப் பாதி என்றால், எந்த எண் வெளிவந்தாலும் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறாது. உளவு பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரர், கையில் வேறு என்ன தகவல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் இந்த 2 மடங்கு எல்லையை மாற்ற முடியாது. இடம்மாற்று போன்ற பழைய முறைகள் தராத பாதுகாப்பு இது.

இந்த விகித எல்லையைக் குறிக்கும் அளவுகோல்தான் எப்சிலான். நாணய முறையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 0.69. எப்சிலான் 1 என்றால் எல்லை சுமார் 2.7 மடங்கு, 3 என்றால் 20 மடங்கு. எப்சிலான் சிறியதாக இருந்தால் இரைச்சல் அதிகம், அந்தரங்கமும் அதிகம்.

தலையெண்ணும் கணக்குகளில் ஒருவர் சேர்வதால் விடை 1க்கு மேல் மாறாது. வருமானக் கூட்டுத்தொகை அப்படியல்ல. ஒரே ஒரு பெருஞ்செல்வந்தர் சேர்ந்தால் கூட்டுத்தொகை கோடிகளில் எகிறும். அவரை மறைக்க வேண்டுமானால் இரைச்சலும் கோடிகளில் இருக்க வேண்டும், அப்போது அந்தப் புள்ளிவிவரம் எதற்கும் உதவாது. ஆகவே முதலில் ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். மாத வருமானம் 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் அதை 2 லட்சம் என்றே கொண்டு, அந்த 2 லட்சத்துக்கு ஏற்ற இரைச்சலைச் சேர்க்கிறார்கள். தவறு நேரும் இடமும் இதுதான். தரவைப் பார்த்து, அதிலுள்ள மிகப்பெரிய வருமானத்தையே உச்சவரம்பாக வைத்துவிட்டால், அந்தச் செல்வந்தரின் வருமானம் வரம்பின் வழியாகவே வெளியே போய்விடும். தரவைத் திறப்பதற்கு முன்பே வரம்பு முடிவாகியிருக்க வேண்டும்.

ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பது இன்னொரு ஆபத்து. காசநோய் எண்ணிக்கையைப் புதுப்புது இரைச்சலோடு 2 முறை வெளியிட்டால் விகித எல்லை 4 மடங்காகிறது, 5 முறை என்றால் 32 மடங்கு. நூறு விடைகள் கிடைத்தால் சராசரி எடுத்தே இரைச்சலைக் கழித்துவிடலாம். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும், அவற்றில் ஒரே நபரின் விவரம் அடங்கியிருக்குமானால் எப்சிலான் கூடிக்கொண்டேதான் போகும். எனவே வெளியீடு அனைத்துக்கும் சேர்த்து ஒரு மொத்த எப்சிலானை முன்கூட்டியே ஒதுக்கி, அதைக் கேள்விகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். அது தீர்ந்ததும் அந்தத் தரவிலிருந்து புதிய விடை எதுவும் தரக்கூடாது.

2020 கணக்கெடுப்பில் இந்த ஒதுக்கீடு நாடு, மாநிலம், கவுண்டி என்று தொடங்கிப் படிப்படியாக இறங்கி, பிளாக் எனப்படும் சிறு நிலத்துண்டு வரை பகிரப்பட்டது. மாநிலங்களின் மொத்த மக்கள்தொகைக்கு இரைச்சல் இல்லை. மக்களவை இடங்கள் அந்த எண்ணை வைத்தே பிரிக்கப்படுகின்றன. தொகுதி எல்லை வரைவதற்கான கோப்பில் மக்கள் பற்றிய அட்டவணைகளுக்கு மொத்த எப்சிலான் 17.14 என்று பீரோ அறிவித்தது. ஏட்டளவில் பார்த்தால் இது மிகத் தளர்வான எல்லை, விகிதம் கோடிகளில் போகும். ஒரு நபரின் எல்லா விவரங்களும் எல்லா அட்டவணைகளும் சேர்ந்து, மிக மோசமான நிலையில் வரும் கணக்கு அது. தனி ஒரு கேள்விக்கான பங்கு மிகச் சிறியது. இருந்தாலும் இவ்வளவு பெரிய எண்ணை அந்தரங்கத்துக்கான வலுவான உறுதி என்று சொல்ல முடியாது. துல்லியம் கேட்ட பயனர்களுக்காகச் செய்துகொண்ட சமரசம் அது.

இரைச்சலின் அளவு கூட்டத்தின் அளவைச் சார்ந்ததல்ல. 4 என்ற பிழை 50 லட்சம் பேர் உள்ள கவுண்டியில் கண்ணுக்கே தெரியாது, 12 பேர் உள்ள பிளாக்கில் மூன்றில் ஒரு பங்கு. அதோடு, இரைச்சல் சேர்த்த எண் சில இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். பிளாக்குகளைக் கூட்டினால் கவுண்டியின் எண்ணோடு பொருந்தாது. இதையெல்லாம் சரிக்கட்ட, எந்த எண்ணும் குறையெண் ஆகாமல், எல்லாம் கூட்டுக்குப் பொருந்துமாறு பீரோ திருத்தியது. ஏற்கெனவே இரைச்சல் கலந்த எண்களை மட்டுமே பயன்படுத்துவதால் இந்தத் திருத்தத்தால் அந்தரங்கம் குறைவதில்லை. பிழையின் தன்மைதான் மாறிவிடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே போனவை மேலே இழுக்கப்படுவதால் மிகச்சிறிய எண்கள் சற்றே கூடுகின்றன, கூட்டுத்தொகை பொருந்த வேண்டும் என்பதால் பெரியவை சற்றே குறைகின்றன. பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் குழந்தைகள் மட்டும் வசிக்கும் பிளாக்குகள் வெளியீட்டில் தென்பட்டது இப்படித்தான். தனித்தனி பிளாக்குகளை நம்ப வேண்டாம், பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்று பீரோவே பயனர்களுக்குச் சொல்லியது.

இந்த உறுதி எதைக் காக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வரும் என்று ஓர் ஆய்வு காட்டினால், புகைக்கும் ஒருவரைப் பற்றி அக்கம்பக்கத்தார் ஊகிப்பது மாறும். ஆனால் அவர் அந்த ஆய்வில் கலந்துகொள்ளாமல் இருந்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். இவ்வகை ஊகத்தை டிஃபரன்ஷியல் பிரைவசி தடுப்பதில்லை, ஆய்வு செய்வதன் நோக்கமே அத்தகைய அறிவுதான். கூட்டமாக இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு மெலிந்துகொண்டே போகும். ஒரே வீட்டின் 4 பேரும் சேர்ந்து ஓர் எண்ணை மாற்றுவார்களானால், நாணய முறையின் 2 மடங்கு எல்லை அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை 16 மடங்கு.

2010இன் இடம்மாற்று முறையில் எத்தனை குடும்பங்கள் மாற்றப்பட்டன என்பதே இரகசியம், அதனால் பிழையை யாராலும் அளக்க முடியவில்லை. டிஃபரன்ஷியல் பிரைவசியில் ஒளித்துவைக்க வேண்டியது நாணயம் எப்படி விழுந்தது என்பதை மட்டுமே. முறையையும் எப்சிலானையும் ஊரறியச் சொல்லலாம். 2020 கணக்கெடுப்புக்குப் பயன்பட்ட நிரலை பீரோ பொதுவில் வைத்தது. திருத்தத்துக்கு முந்தைய இரைச்சல் எண்களையும் 2023இல் வெளியிட்டது. தங்கள் ஊரின் எண்ணில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.