சக்கரத்துக்குள் இருக்கும் பேட்டரி

டயர் அழுத்த சென்சார் ரிம்முக்கு உட்புறம், காற்று அடிக்கும் வால்வின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும். எடை சுமார் 30 கிராம். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து ரேடியோ அலையாகக் காருக்கு அனுப்புவது இதன் வேலை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது பேசுகிறது. சுழலும் சக்கரத்துக்குள் ஒயர் கொண்டுபோக வழியில்லை என்பதால் ஒவ்வொரு சென்சாருக்கும் சொந்தமாக ஒரு லித்தியம் பேட்டரி உண்டு. ஏ.பி.எஸ். அமைப்பின் உதவியோடு சக்கரத்தின் வேகத்தை வைத்தே அழுத்தக் குறைவை ஊகிக்கும் இன்னொரு வகையில் பேட்டரியே கிடையாது.

இந்த பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற முடியாது. 16 அங்குல ரிம் உள்ள கார் 120 கி.மீ. வேகத்தில் போகும்போது, அந்தச் சிறிய சென்சாரின் மீது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 250 மடங்கு விசை செயல்படுகிறது. 30 கிராம் பொருள் அப்போது ஏழரை கிலோ பொருளைப் போல வெளிப்பக்கம் அழுத்தும். கழற்றி மாட்டும்படி வைத்த பேட்டரி அந்த இழுப்பில் நிலைத்து நிற்காது. அதனால்தான் பேட்டரியைப் பற்றவைத்து, சுற்றிலும் பிசின் ஊற்றி இறுக்கி மூடிவிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்தால் சென்சாரையே மாற்றவேண்டும்.

ஆயுள் பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகள். இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 220 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள நாணய வடிவ பேட்டரி பத்து ஆண்டு உழைக்க வேண்டுமானால், அதாவது 87,600 மணி நேரம், சராசரியாக இரண்டரை மைக்ரோ ஆம்பியருக்கு மேல் செலவாகக் கூடாது. அதனால் சென்சார் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கிறது. கார் ஓடத் தொடங்கி, மணிக்கு 25, 30 கி.மீ. வேகம் வந்ததும், உள்ளே உள்ள அசைவு உணரி அதை எழுப்புகிறது. பிறகு சில நொடிகளுக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை தகவல் போகும். காற்று திடீரென இறங்கினால் உடனே, அடிக்கடி அனுப்பும். நாளெல்லாம் ஓடும் வாடகைக் காரின் சென்சார், வாரத்துக்கு ஒருமுறை வெளியே வரும் காரின் சென்சாரைவிடச் சீக்கிரம் தீர்வதற்கு இதுவே காரணம். ஓடாமல் நிற்கும் காரிலும் பேட்டரி மெல்ல வடியத்தான் செய்கிறது. வெயிலில் கொதிக்கும் சக்கரத்தில் அந்த வடிதல் இன்னும் கொஞ்சம் கூடும்.

தீர்ந்துபோகும் விதம்தான் தொல்லை. லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, முடியும் தறுவாயில் சட்டென்று விழும். டயர் கடையில் உள்ள சோதனைக் கருவியைச் சக்கரத்தருகே பிடித்தால் அது சென்சாரை எழுப்பி அடையாள எண், அழுத்தம், பேட்டரி நிலை ஆகியவற்றைக் காட்டும். ஆனால் பேட்டரி நிலை என்பது பல கருவிகளில் ‘நலம்’ அல்லது ‘குறைவு’ என்ற இரண்டு சொல்தான். இன்று ‘நலம்’ என்று வந்தால் அடுத்த நான்கு ஆண்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது. நம்பத் தகுந்த அளவுகோல் வயது ஒன்றுதான்.

பேட்டரி சாகும் நேரத்தை டேஷ்போர்டு விளக்கு காட்டிக்கொடுக்கும். ஆச்சரியக்குறி உள்ள அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் காற்று குறைந்திருக்கிறது. காரைக் கிளப்பியதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால் அமைப்பில் கோளாறு. அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் கார்களில் அந்தச் சக்கரத்துக்கு நேராக எண் இருக்காது, கோடுதான் தெரியும். குளிர்ந்த காலையில் கோடாக இருந்து, சற்று ஓடி டயர் சூடானபின் எண் திரும்ப வந்தால், அது பேட்டரியின் கடைசிக் காலம். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினாலும் இதே சிமிட்டல் வரும் என்பதால் அதை முதலில் கவனிக்க வேண்டும்.

சென்சாரை எடுக்க வேண்டுமானால் டயரை ரிம்மிலிருந்து கழற்றியாக வேண்டும். ஆக, புது டயர் போடும் நாள்தான் இதற்கும் ஏற்ற நாள். 2018-இல் வாங்கிய கார், ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடுகிறது என்று கொள்வோம். சுமார் 48,000 கி.மீ.-இல், 2022-இல் டயர் மாற்றும் வேளை வருகிறது. சென்சாருக்கு அப்போது வயது நான்கு. அடுத்த டயர் மாற்றம்வரை ஓடினாலும் எட்டுதான். பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் என்பதால் அப்படியே விடலாம். 2026-இல் மறுபடி டயர் மாற்றும்போது கணக்கு மாறுகிறது. எட்டு வயதான சென்சாரை விட்டுவைத்தால் புது டயர் தேய்வதற்குள் அதற்குப் பன்னிரண்டு வயதாகும். நடுவில் ஒவ்வொன்றாகச் சாகும். ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி, மாட்டி, வீல் பேலன்சிங் செய்யும் கூலி தனி. நான்கும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால், ஒன்று போனால் மற்றவையும் தொலைவில் இல்லை. நான்கையும் சேர்த்து மாற்றுவதே சரி.

பழைய சென்சாரையே வைத்துக்கொண்டாலும் வால்வின் சில்லறைச் சாமான்களை மாற்றியாக வேண்டும். ரப்பர் வளையம், வாஷர், நட், உள்ளே உள்ள பின், மூடி ஆகியவை ஒரு சிறு பொட்டலமாகவே கிடைக்கும். ஒருமுறை இறுக்கப்பட்ட ரப்பர் அந்த வடிவிலேயே படிந்துவிடும். அதையே திரும்பப் போட்டால் காற்று மெல்லக் கசியும். அலுமினிய வால்வுக்குள் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போடக் கூடாது. ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும், பின்னைத் திருகும்போது வால்வே முறியும். நிக்கல் பூசிய பின்தான் வேண்டும். நட்டை அளவுக்கு மேல் இறுக்கினாலும் அலுமினியத் தண்டு விரிசல் விடும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சிறிய டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன்பே சக்கரத்தில் சென்சார் இருப்பதைக் கடையில் சொல்லிவிடுவது அவசியம். நட் வைத்த உலோக வால்வு என்றால் பார்த்தாலே தெரியும். ரப்பர் வால்வோடு வரும் சென்சாரை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. டயரைக் கழற்றுமுன் நான்கையும் சோதித்துக் குறித்துக்கொண்டால், எது முன்பே செத்தது, எது கழற்றும்போது உடைந்தது என்ற தகராறு வராது. ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்க அழுத்தும் தகடு வால்வுப் பக்கம் வரக் கூடாது. புது டயரை ஏற்றும்போது கடைசியாக ரிம்முக்குள் விழும் விளிம்பு சென்சாருக்கு மேலே விழக் கூடாது. சென்சார்கள் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

2020-இல் வந்த விதித் திருத்தப்படி, இந்தியாவில் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்தச் சாதனத்தில் வரும் ஒட்டுத் திரவம் சென்சாரின் துளையை அடைத்துவிடக்கூடும். திரவம் ஊற்றிய டயரைக் கழற்றும்போது சென்சாரையும் துடைத்துச் சோதிக்க வேண்டும்.

புது சென்சாரின் அடையாள எண்ணைக் காருக்குத் தெரிவிக்காவிட்டால் கார் அதைக் கண்டுகொள்ளாது. சில கார்கள் சிறிது தூரம் ஓட்டியதும் தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றில் ஸ்டியரிங்கின் கீழ் உள்ள சாக்கெட்டில் கருவியைச் செருகி எழுத வேண்டும். மூன்றாவது வழி, எண் எழுதக்கூடிய பொதுச் சென்சாரில் பழைய எண்ணையே பதிப்பது. கார் அதைப் பழைய சென்சார் என்றே எடுத்துக்கொள்ளும். செத்த சென்சாரிலிருந்து எண்ணை அலைவழி வாங்க முடியாது. ஆனால் பல சென்சார்களின் உடம்பிலேயே அது அச்சாகியிருக்கும். எனவே பழையதை வீசுமுன் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றினாலும் பல கார்களில் இதே கற்பித்தல் வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரத்தில் காற்று குறைய, கார் முன்சக்கரத்தைக் காட்டும். கடையை விட்டுக் கிளம்புமுன், குளிர்ந்த டயருக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்தில் காற்றை வைத்து, மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கு எண்ணும் திரையில் வந்து, விளக்கு சிமிட்டாமல் இருந்தால் பொருத்தியது சரி.