"ஒரு சிக்கலைச் சமாளித்த அனுபவம் சொல்லுங்கள்"

புராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலைக்கான நேர்காணலில் இந்தக் கேள்வி அநேகமாக வரும். "எல்லாரையும் ஒருங்கிணைத்துச் சமாளித்தேன்" என்று பதில் சொன்னால் எதுவும் சொல்லாததற்குச் சமம்.

புதிதாகப் படித்து முடித்தவருக்குக் கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றே போதும். முதலில் திட்டமிட்ட விதத்தைச் சொல்லலாம்: "மார்ச் 20 நிகழ்ச்சி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினேன். அழைப்பிதழ் 10ஆம் தேதி அச்சாக வேண்டும். சிறப்பு விருந்தினர் உறுதியாகாமல் அச்சுக்குப் போக முடியாது. எனவே அவர் சம்மதத்துக்கு 6ஆம் தேதி கெடு வைத்தேன்." எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் பாதி.

அடுத்து சிக்கல்: "16ஆம் தேதி, தேர்வுக்காக அரங்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே துறைத்தலைவரிடம் இரண்டு வழிகளோடு போனேன். தேதியைத் தள்ளினால் விருந்தினர் வரமாட்டார். இரண்டு வகுப்பறைகளாகப் பிரித்தால் கூடுதலாக ஒரு புரொஜெக்டர் வாடகை. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பதிவு செய்த அனைவருக்கும் மறுநாள் காலைக்குள் தகவல் அனுப்பினேன்."

முடிவைத் தானே எடுத்ததாக அவர் பெருமையடிக்கவில்லை, கவனித்தீர்களா? இளநிலைப் பணியில் எதிர்பார்ப்பது, சிக்கலை மறைக்காமல், மாற்று வழிகளோடு உரியவரிடம் சீக்கிரம் சொல்வதைத்தான்.

கேள்வி அதோடு நிற்காது. "வாடகை எவ்வளவு? யார் ஒப்புதல் தந்தார்?" என்று தோண்டுவார்கள். கற்பனைக் கதை பெரும்பாலும் இங்கேதான் உடையும். உங்கள் கதையின் தேதிகளையும் தொகைகளையும் முந்தைய நாளே தாளில் எழுதிப் பாருங்கள்.