கையில் 1,20,000 ரூபாய் வர வேண்டுமா? மொத்தச் சம்பளம் எவ்வளவு கேட்க வேண்டும்?

“பிடித்தமெல்லாம் போக மாசம் 1,20,000 ரூபாய் உங்க கைக்கு வந்துடும்” என்கிறார் ஹெச்.ஆர். கேட்க இனிக்கும். ஆனால், ஆஃபர் லெட்டரில் இருக்கப்போவது மொத்தச் சம்பளம்தான். அது எவ்வளவு இருந்தால் இந்தத் தொகை கைக்கு வரும்?

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் கணக்கிடுவோம். கைக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 14,40,000 ரூபாய். பி.எஃப். பிடித்தம் மாதம் 1,800 வீதம் 21,600, தொழில் வரி 2,500 என இரண்டும் சேர்ந்து 24,100 ரூபாய். இதைக் கூட்டிக்கொள்வது எளிது. வருமான வரிதான் சிக்கல்.

பலரும் 14,40,000 ரூபாய்க்கான வரியைக் கணக்கிட்டு, அதைச் சம்பளத்தோடு கூட்டிவிடுகிறார்கள். நிலையான கழிவு 75,000 போக, செஸ் சேர்த்து வரி 88,140 ரூபாய். மொத்தச் சம்பளம் 15,52,240 என்று முடித்துவிடுவார்கள். ஆனால், வரிக்காகக் கூட்டிய பணமும் உங்கள் வருமானம்தான். அதற்கும் வரி உண்டு. 15,52,240 ரூபாய்க்கு வரி 1,05,649 ஆகிவிடும். கைக்கு வருவது 14,22,491 மட்டுமே. மாதம் சுமார் 1,459 ரூபாய் துண்டு விழும்.

துண்டு விழும் 17,509 ரூபாயை அப்படியே கூட்டினாலும் சரியாகாது. அதிலும் ஒரு பகுதி வரிக்குப் போகும். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கும் 16 லட்சத்துக்கும் இடையே இருக்கும்போது வரி 15 சதவிகிதம், செஸ் சேர்த்தால் 15.6. அதாவது, கூடுதலாகத் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் 84.4 பைசாதான் கையில் நிற்கும். எனவே, 17,509-ஐ 0.844-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 20,746. இதைக் கூட்டினால் மொத்தச் சம்பளம் 15,72,986 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 1,31,082.

சரிபார்ப்போமா? வரி 1,08,886, மற்ற பிடித்தம் 24,100. இரண்டையும் கழித்தால் மிச்சம் சரியாக 14,40,000!

இதுவே மாதம் 1,00,000 ரூபாய் போதுமென்றால் இந்தச் சுற்றே இல்லை. 24,100-ஐக் கூட்டினால் 12,24,100. சம்பளம் மட்டுமே வருமானமாக இருந்து, 12,75,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் வரி கிடையாது.

ஆஃபர் லெட்டரில் 15,72,986 ரூபாய் ‘சி.டி.சி.’ என்று இருந்தால் உஷார். நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கும். அவற்றைக் கழித்தால் மொத்தச் சம்பளம் குறைந்துவிடும். வரி விகிதம் மாறினாலோ, அதே ஆண்டில் பழைய வேலையின் சம்பளம் சேர்ந்தாலோ டி.டி.எஸ். மாறும். அந்த வித்தியாசத்தை ஏற்பது நிறுவனமா, நீங்களா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.