நெய்ப்பொங்கல் கழுத்து வழியாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது, தெரியுமா?

நெய் சொட்டச் சொட்டப் பொங்கல் சாப்பிட்டாயிற்று. குடல் உறிஞ்சிய அந்த நெய் அடுத்து எங்கே போகும்? கல்லீரலுக்கு என்றுதானே நினைக்கிறீர்கள்? சர்க்கரை அப்படித்தான் போகிறது. நெய்யில் பெரும்பங்கு அந்தப் பக்கமே திரும்புவதில்லை! குடல் செல்கள் அதைக் கைலோமைக்ரான் என்ற குட்டி உருண்டைகளாகக் கட்டி, நிணநீர்க் குழாயில் ஏற்றிவிடுகின்றன. அவை கல்லீரலைத் தொடாமல் நெஞ்சு வழியாக மேலேறி, இடது கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் கொட்டுகின்றன. விருந்து முடிந்து சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்துத் தெளிய வைத்துப் பாருங்கள், மேலே நிற்கும் நீர் பால் மாதிரி கலங்கியிருக்கும்.

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்ச் சுவர்களில் லைப்பேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. உருண்டை அங்கே வந்து ஒட்டியதும் அதிலுள்ள ட்ரைகிளிசரைடை உரித்தெடுத்துக்கொள்ளும். மிஞ்சிய சக்கையைக் கல்லீரல் விழுங்கிவிடும். ஃபைப்ரேட் மாத்திரைக்கு வேலை இந்த இடத்தில்தான்: நொதியைக் கூட்டுகிறது, நொதிக்குக் குறுக்கே நிற்கும் புரதத்தைக் குறைக்கிறது. ட்ரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டினால் முதல் ஆபத்து இதயத்துக்கு அல்ல, கணையத்துக்கு!

இனி கல்லீரலின் முறை. அதுவும் தன் பங்குக்குக் கொழுப்பை வி.எல்.டி.எல். உருண்டைகளாக அனுப்புகிறது. வழியில் அதே நொதி, அதே உரிப்பு. எல்லாம் இறக்கிய பிறகு கொலஸ்ட்ராலை மட்டும் சுமந்துகொண்டு திரியும் காலி வண்டிதான் நாம் வில்லன் என்று திட்டும் எல்.டி.எல்.! அதன் மேல் சுற்றியிருப்பது பி-100 என்ற ராட்சதப் புரதம். கைலோமைக்ரானின் புரதமும் அதே ஜீனிலிருந்துதான் வருகிறது, ஆனால் குடல் செல் செய்தியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, 48 சதவீதத்திலேயே புரதத்தை முடித்துவிடுகிறது. அதனால் அதன் பெயர் பி-48. எல்.டி.எல். ஏற்பி பிடித்துக்கொள்ளும் கொக்கி அந்த வெட்டுப்பட்ட பாதியில் இருக்கிறது!

அது என்ன ஏற்பி? கல்லீரல் செல்லின் மேல் உள்ள கதவு. எல்.டி.எல்லைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, சுமார் பத்து நிமிடத்தில் மீண்டும் வாசலுக்கு வந்துவிடும். நூறு தடவைக்கு மேல் இப்படிப் போய்வரும்! இதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டாட்டின் ரத்தத்தில் உள்ள கொழுப்பைக் கரைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். ரத்தத்தில் அது எதையும் கரைப்பதில்லை! கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பை முடக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே பஞ்சம் வந்ததும் செல் பதறிப்போய் வாசலில் கதவுகளைக் கூட்டுகிறது. ரத்தத்தில் எல்.டி.எல். குறைவது அந்தக் கதவுகளால்தான். இந்த வகை மருந்தை முதலில் பிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ, 1973-இல். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து எடுத்த பிறகு, அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையில் கிடைத்தது.

ஆனால் பதறிய செல் இன்னொன்றும் செய்கிறது. கதவைக் கூட்டும்போதே, கதவை உடைக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தையும் கூட்டிவிடுகிறது! தன் மருந்துக்குத் தானே முட்டுக்கட்டை. மாத்திரையின் அளவை இரட்டித்தாலும் எல்.டி.எல். கூடுதலாக ஆறு சதவீதம் போலத்தான் இறங்குவதற்கு இது ஒரு காரணம். ஒருவருக்கு எல்.டி.எல். 200 என்று வைத்துக்கொள்வோம். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் அதைச் சுமார் 124-க்குக் கொண்டுவரும். 20 ஆக்கினால் 114. 40 ஆக்கினால் 102. அளவை ஏற்றாமல், அந்தப் பத்தோடு எசெடிமைப் சேர்த்தால்? கிட்டத்தட்ட 100! அது குடலில் கொலஸ்ட்ரால் நுழையும் வாயிலை அடைக்கிறது, வேறு வழியில் கல்லீரலுக்குப் பஞ்சம் காட்டுகிறது. பி.சி.எஸ்.கே.9-ஐ ஊசி போட்டுப் பிடித்துவிட்டாலோ, இருக்கும் எல்.டி.எல்லில் பாதிக்கு மேல் போய்விடும்.

அப்படியானால் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்லை ஏற்றினால்? திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரட்டிக் கல்லீரலுக்குக் கொண்டுவருவது அதுதானே! எச்.டி.எல்லிலிருந்து கொலஸ்ட்ராலை எல்.டி.எல். பக்கம் கைமாற்றும் புரதத்தை டோர்செட்ராபிப் என்ற மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். எச்.டி.எல். 72 சதவீதம் எகிறியது! ஆனால் மருந்து எடுத்தவர்களில் சாவு கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியிருந்தது. அதே வகையைச் சேர்ந்த அனசெட்ராபிப் 2017-இல் மாரடைப்பு போன்றவற்றை ஒன்பது சதவீதம் குறைத்தது. எச்.டி.எல். இரட்டிப்பானதை வைத்துப் பார்த்தால் அது மிகக் குறைவு. கூடவே இறங்கிய எல்.டி.எல். வகையறாவை வைத்துக் கணக்குப் போட்டால், அது சரியாகப் பொருந்துகிறது!