300 டிபிஐ என்றால் நல்ல படமா?

பள்ளி ஆண்டு மலரோ கோயில் குடமுழுக்கு மலரோ அச்சுக்குப் போகும் நேரத்தில், அச்சகத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வரும்: "படமெல்லாம் 300 டிபிஐ-ல இருக்கணும்." மலர்க்குழுவில் கணினி தெரிந்த ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போட்டோஷாப்பில் திறப்பார். அங்கே 72 என்று இருக்கும். அதை அழித்துவிட்டு 300 என்று தட்டிச் சேமித்து அனுப்புவார். கேட்டது கேட்டபடி கொடுத்தாயிற்று. ஆனாலும் மலர் அச்சாகி வந்ததும், முழுப்பக்கத்துக்குப் போட்ட முகம் மங்கலாகவும் விளிம்புகள் படிக்கட்டு படிக்கட்டாகவும் இருக்கும். 300 என்றுதானே கொடுத்தோம், பிறகு ஏன் இப்படி என்ற கேள்வி எழும்.

அந்த எண்ணை மாற்றியதால் படத்துக்குள் எதுவும் மாறவில்லை என்பதுதான் பதில்.

டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களின் வரிசை. அந்தக் கட்டம்தான் பிக்சல். 12 மெகாபிக்சல் கைபேசி எடுக்கும் படத்தில் அகலவாக்கில் 4000, உயரவாக்கில் 3000 என்று மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் இருக்கும். படத்தில் இருக்கும் நுணுக்கம் அத்தனையும், புடவைக் கரையின் ஜரிகை முதல் கண்ணிமை மயிர் வரை, இந்தக் கட்டங்களில்தான் பதிவாகியிருக்கிறது. இவற்றுக்கு அங்குலமோ சென்டிமீட்டரோ கிடையாது. கைபேசித் திரையில் பார்த்தால் சிறிதாகத் தெரியும், திருமண மண்டபத்துப் பெரிய திரையில் காட்டினால் பெரிதாகத் தெரியும். பிக்சல்களின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் அதேதான்.

அப்படியானால் டிபிஐ எங்கிருந்து வருகிறது? ஜேபெக் கோப்பின் தொடக்கத்தில், படத்தைப் பற்றிய குறிப்புகளோடு, 'காகிதத்தில் போடும்போது ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் வீதம் அடுக்கு' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எந்த அலகு என்பதற்கு ஒரு பைட், அகலவாக்கு எண்ணுக்கு இரண்டு, உயரவாக்கு எண்ணுக்கு இரண்டு என அது மொத்தம் ஐந்தே பைட்டுகள். சில லட்சம் பைட்டுகள் கொண்ட கோப்பில் இந்த ஐந்தை மட்டும் மாற்றினால் படம் எப்படித் தெளிவாகும்?

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளலாம். 15 புள்ளிக் கோலத்தை நெருக்கிப் போட்டால் சின்ன முற்றத்தில் அடங்கும், தள்ளித் தள்ளிப் போட்டால் தெருவையே அடைக்கும். இடைவெளியை எப்படி வைத்தாலும் அது 15 புள்ளிக் கோலம்தான், 21 புள்ளிக் கோலத்தின் இழைகள் அதில் வந்துவிடாது. டிபிஐ அந்த இடைவெளியைச் சொல்கிறது. பிக்சல் எண்ணிக்கைதான் புள்ளிகள்.

அச்சில் படம் எவ்வளவு பெரிதாகத் தெளிவாக வரும் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. பிக்சலை அங்குலத்தால் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது கிடைக்கும். ஆண்டு மலரின் முழுப்பக்கம் ஏ4 என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாள் 8.27 அங்குல அகலமும் 11.69 அங்குல உயரமும் கொண்டது. அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் படம் குறைந்தது 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் இருக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த 3000 x 4000 படம் இதற்குத் தாராளமாகப் போதும். 4000-ஐ 11.69-ஆல் வகுத்தால் 342 வருகிறது. அந்தக் கோப்பைத் திறக்கும்போது டிபிஐ 72 என்று காட்டினாலும் கவலை வேண்டாம்.

அதே படம் வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பப்படும்போது பெரும்பாலும் 1200 x 1600 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இப்போது 1600-ஐ 11.69-ஆல் வகுத்தால் 137-தான் வருகிறது. கோப்பில் 300 என்று எழுதிக் கொடுத்தாலும், பக்கத்தை வடிவமைப்பவர் படத்தை முழுப்பக்கத்துக்கு இழுத்ததும் உண்மையில் கிடைப்பது 137. அந்த 300-ஐ மெய்யாகவே கடைப்பிடித்தால் படம் 4 அங்குல அகலம், ஐந்தேகால் அங்குல உயரத்துக்குள் அடங்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை அளவு. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால், படத்தைச் சிறிதாகப் போடலாம் அல்லது எடுத்தவரிடம் மூலப் படத்தைக் கேட்டு வாங்கலாம் என்று அச்சுக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்திருக்கலாம்.

போட்டோஷாப்பில் படத்தின் அளவை மாற்றும் பெட்டியில் `Resample` என்று ஒரு தேர்வுக்கட்டம் உண்டு. அதில் டிக் இல்லாவிட்டால் 72-ஐ 300 ஆக்கும்போது பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், அங்குல அளவு மட்டும் குறையும். டிக் இருந்தால் கதை வேறு. அங்குல அளவை அப்படியே வைத்துக்கொண்டு, குறைகிற பிக்சல்களை மென்பொருளே நிரப்புகிறது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வண்ணத்தைக் கலந்து நடுவில் புதிய பிக்சல்களைச் செருகுகிறது. 72-லிருந்து 300-க்குப் போனால் அகலமும் உயரமும் நான்கு மடங்குக்கு மேல் ஆகும், மொத்தப் பிக்சல்கள் 17 மடங்கு ஆகும். கோப்பு பெரிதாகிவிடுவதால் தரமும் கூடிவிட்டது என்று தோன்றும். ஆனால் கேமரா பார்க்காத கண்ணிமை மயிர் அந்தக் கலவையில் முளைத்துவிடாது. படிக்கட்டு விளிம்புகள் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவே. இப்படி ஊதிப் பெருக்கிய படத்தைக் கண்டுபிடிப்பது எளிது. திரையில் 100 விழுக்காட்டில் வைத்துப் பாருங்கள். பிக்சல் எண்ணிக்கை பெரிதாக இருந்தும், தலைமுடி இழை இழையாகத் தெரியாமல் மெழுகு பூசியதுபோல இருந்தால், அது பிற்பாடு பெருக்கப்பட்டதாகவோ எடுக்கும்போதே ஃபோகஸ் தவறியதாகவோ இருக்கும்.

அச்சகத்தார் 300 கேட்பது வெறும் வழக்கமல்ல, அதற்குக் காரணம் உண்டு. ஆஃப்செட் அச்சில் படம் நுண்ணிய மைப்புள்ளிகளின் வரிசைகளாக விழுகிறது. வழவழப்பான தாளில் அச்சாகும் இதழ்களில் அங்குலத்துக்கு 150 வரிசை என்பது பரவலான அளவு. ஒரு வரிசைக்கு இரண்டு பிக்சல் இருந்தால் போதும் என்பது அச்சுத்தொழிலின் பழைய விதி. 150-ஐ இரட்டித்தால் 300. செய்தித்தாளில் வரிசைகள் 100 அல்லது அதற்கும் குறைவு என்பதால் அங்கே 200 பிக்சலே போதும். கண்ணும் இதே எண்ணுக்கு அருகில்தான் நிற்கிறது. கையில் ஓரடித் தொலைவில் பிடித்திருக்கும் தாளில், அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகளுக்கு மேல் போனால், நல்ல பார்வை உள்ளவராலும் ஒவ்வொன்றையும் பிரித்தறிவது கடினம்.

தொலைவு கூடினால் தேவை குறையும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு அங்குலத்துக்கு 30 பிக்சலே போதும். அதனால்தான் அதே 4000 x 3000 கைபேசிப் படத்தைப் பத்தடி அகல பிளெக்ஸாக அடித்தால், அங்குலத்துக்கு 33 பிக்சல்தான் வந்தாலும், சாலையில் போகிறவர் கண்ணுக்கு முகம் தெளிவாகவே தெரிகிறது. பிளெக்ஸுக்கும் 300 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 36,000 பிக்சல் அகலமுள்ள படம் வேண்டும். அது 97 கோடி பிக்சல். எந்தக் கைபேசியும் அப்படிப் படம் எடுப்பதில்லை, எந்தத் தட்டிக்கும் அது தேவையுமில்லை.

'திரைக்கு 72, அச்சுக்கு 300' என்பது பரவலாகச் சொல்லப்படும் இன்னொரு விதி. இதில் 72 என்பது 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினியோடு வேரூன்றிய எண். அதன் திரையில் 512 x 342 பிக்சல்கள்தான் இருந்தன, அங்குலத்துக்கு 72 வீதம். அச்சுக்கோப்பில் எழுத்தை அளக்கும் பாயின்ட் என்ற அலகும் அங்குலத்துக்கு 72 என்பதால், திரையில் தெரியும் எழுத்தும் தாளில் வரும் எழுத்தும் ஒரே அளவில் இருக்கட்டும் என்று அப்படி வடிவமைத்தார்கள். இன்றைய கைபேசித் திரைகள் பலவற்றில் அங்குலத்துக்கு 400 பிக்சலுக்கு மேல் இருக்கின்றன. ஆனாலும், வேறு எண் தெரியாதபோது 72 என்று எழுதிவைக்கும் பழக்கம் கேமராக்களிலும் மென்பொருள்களிலும் நிலைத்துவிட்டது. உலாவி அந்த எண்ணைப் பார்த்துப் படத்தைக் காட்டுவதில்லை. 72 என்று எழுதிய படமும் 300 என்று எழுதிய படமும், பிக்சல் ஒன்றாக இருந்தால், இணையப் பக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

டிபிஐக்கு உண்மையிலேயே முழு மதிப்பு உள்ள இடம் ஸ்கேனர். அங்கே கண்ணாடிமேல் வைக்கும் படத்துக்கு நிஜமான அங்குலம் இருக்கிறது, அதனால் டிபிஐதான் எத்தனை பிக்சல் கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது. தாத்தாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் வீட்டில் மிஞ்சியிருக்கிறது, அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3.5 x 4.5 சென்டிமீட்டர் படத்தை 300-இல் ஸ்கேன் செய்தால் கிடைப்பது 413 x 531 பிக்சல். மறுபடி அதே பாஸ்போர்ட் அளவில் அச்சிட மட்டும் அது போதும். 1200-இல் ஸ்கேன் செய்தால் 1654 x 2126 பிக்சல் கிடைக்கும், ஐந்தரை அங்குலத்துக்கு ஏழு அங்குலம் வரை பெரிதாக்கலாம். காகிதத்தில் ஏற்கெனவே மங்கிப்போனதை ஸ்கேனராலும் மீட்க முடியாது என்பதால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நெகட்டிவ் கிடைத்தால் அதிலிருந்து ஸ்கேன் செய்வதே நல்லது.

இணையவழி விண்ணப்பங்களில் '3.5 x 4.5 சென்டிமீட்டர், 200 டிபிஐ' என்று கேட்கும்போதும் இதே கணக்குத்தான். சென்டிமீட்டரையும் டிபிஐயையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால் அது 276 x 354 பிக்சல் படத்தைக் கேட்கிறது. டிபிஐயை மட்டும் தனியாகச் சொன்னால் அது எந்த அளவையும் குறிக்காது.

ஆகவே படம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பிக்சல் அளவை. விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து `Properties`, பிறகு `Details` என்று போனால் `Dimensions` என்ற வரியில் அது இருக்கும். கைபேசியில் படத்தின் விவரப் பகுதியில் காணலாம். பக்கத்தில் படம் எத்தனை அங்குலத்துக்கு வரப்போகிறது என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். 300-க்கு அருகில் வந்தால் சிறப்பு, 200 வந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், 150-க்குக் கீழே போனால் படத்தைச் சிறிதாக்குங்கள் அல்லது மூலக் கோப்பைக் கேளுங்கள். மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்தால் பிக்சல் குறையாமல் வந்து சேரும். அச்சகத்தாரும் "300 டிபிஐ" என்று மட்டும் சொல்லாமல், "முழுப்பக்கப் படத்துக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேணும், கேமராவிலிருந்து வந்த கோப்பையே அனுப்புங்க" என்று கேட்டால், எண்ணை மட்டும் மாற்றி அனுப்ப யாருக்கும் வழியிருக்காது.